ரீஸ்டார்ட் அக்காவின் தொண்ணூற்று நான்கு சதவீதம்

என் அக்கா ஒன்பது வருடமாக ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சம்பாதித்தாள். "ஒருதடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க." மருத்துவமனையின் தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே, ஹெல்ப் டெஸ்க் என்று எழுதிய ஒரு சின்ன அறை. அதில் ஒரு மேஜை, இரண்டு போன், அக்கா. எந்த வார்டில் எந்தக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் அந்தப் போன்தான் அடிக்கும். அடிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய பெயர் தெரியாது. ரீஸ்டார்ட் அக்கா என்றுதான் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் எடுப்பாள்: "ரீஸ்டார்ட் அக்கா பேசறேன், சொல்லுங்க."

நான் அதே மருத்துவமனையில் துணி அறையில் இருக்கிறேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அங்கி எல்லாம் சலவைக்குப் போய்த் திரும்பும்போது பட்டியலோடு சரிபார்த்து, பென்சிலால் டிக் போட்டு, அடுக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இது தோதான வேலை. தலையணை உறை யாரையும் நிற்க வைத்துக் கேள்வி கேட்காது.

அக்காவின் ஆசை முதல் மாடியில் இருந்தது. அங்கே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு குளிர்ந்த அறை. உள்ளே அலமாரி அலமாரியாகக் கருவிகள், பச்சை பச்சையாகக் கண் சிமிட்டும் விளக்குகள். நெட்வொர்க் அறை. ஒருமுறை சாவி கொடுக்கப் போனவள் அங்கே நான்கு நிமிடம் சும்மா நின்றுவிட்டு வந்தாள். வந்து என்னிடம் சொன்னாள், "அங்க போனே இல்லடி."

அந்த அறையில் இருந்த இரண்டு பேரில் ஒருவர் வேறு வேலைக்குப் போகப்போகிறார் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். உள்ளே இருப்பவர்களே விண்ணப்பிக்கலாம். ஹெல்ப் டெஸ்க் அனுபவம் ஏற்கப்படும். ஆனால் பதவிக்குப் பொருத்தமான, அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் ஒன்று கையில் இருக்க வேண்டும். அடுத்த மாதம் முப்பதாம் தேதிக்குள் அதைக் கொண்டுவந்து கொடுக்காவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுத்துவிடுவார்கள்.

அக்கா அந்தத் தாளைப் பலகையிலிருந்து கழற்றியே கொண்டுவந்துவிட்டாள். வேறு யாரும் படிக்க வேண்டாம் என்று. "இது கைவிட்டுப் போச்சுன்னா, ரிட்டையர் ஆகுற அன்னிக்கும் நான் யாரையாவது ஆஃப் பண்ணச் சொல்லிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று சாப்பிடும்போது குழம்பு ஊற்றிக்கொள்ள மறந்து வெறும் சோற்றைத் தின்றாள்.

எந்தச் சான்றிதழ் என்று தாளில் இல்லை. அதனால் ஊரே சொன்னது. மாமா, அதாவது அக்காவின் கணவர், பஸ் ஓட்டுகிறவர்.

"க்ளவுடு பரீட்சை எழுது. என் பஸ்ல வர்ற பசங்க எல்லாம் அதைத்தான் பேசறாங்க."

"உங்க பஸ்ல வர்ற பசங்க எந்த வேலைல இருக்காங்க?"

"வேலை தேடித்தான் பஸ்ல போறாங்க."

அக்கா அதற்குமேல் அவரிடம் கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்து அம்மா, கம்ப்யூட்டர் செக்யூரிட்டிதான் இப்போது எடுபடுகிறது என்றார். அது அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. அதிலும் இருப்பதிலேயே பெரிய பரீட்சை எதுவோ அதற்கான புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். தலையணைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு தடிமன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் துணி அறைக்கு வந்து, விரிப்பு மூட்டையில் சாய்ந்துகொண்டு ஒரு வாரம் படித்தாள். நாற்பது பக்கம் தாண்டியதும் ஒரு மாதிரியாக என்னைப் பார்த்தாள். "நல்லா எழுதியிருக்கான். யாருக்குன்னுதான் தெரியல."

துணி அறைச் சுவரில், தலையணை உறை அடுக்குக்கு மேலே, ஒரு இரும்புப் பெட்டி உண்டு. உள்ளே சுவிட்ச். விளக்குப் போடும் சுவிட்ச் இல்லை. ஒரு தளத்துக் கம்ப்யூட்டர்களின் வயர்கள் எல்லாம் வந்து சேருகிற கருவி. அதைப் பார்க்க நெட்வொர்க் அறையில் மீதமிருக்கப்போகிறவர் வாரம் ஒருமுறை ஏணியோடு வருவார். அக்கா அவரைத் தம்பி என்பாள். அவருக்கு என்னைவிட நான்கு வயது குறைவு. நான் அவரை எதுவுமே கூப்பிடுவதில்லை. ஏணியைப் பிடித்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

அன்று அவர் ஏணி மேலிருந்தே புத்தகத்தைப் பார்த்தார். "என்னக்கா, கல்யாண ஆல்பமா?"

"செக்யூரிட்டிப் பரீட்சை. பாஸ் பண்ணா நேரா மேலதான்."

"பரீட்சை நடத்தறவங்களோட பக்கத்தைப் படிச்சீங்களா?"

"புக்கே வாங்கிட்டேன். பக்கம் எதுக்கு?"

அவர் இறங்கி வந்து, கைப்பேசியில் அந்த நிறுவனத்தின் சொந்த இணையப் பக்கத்தைத் திறந்து நீட்டினார். அக்கா வாசித்தாள். உதடு அசைந்து அசைந்து நின்றது. அந்தத் துறையிலேயே ஐந்து வருடம் வேலை பார்த்திருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் பரீட்சையில் தேறினாலும் முழுச் சான்றிதழ் கையில் வராது.

"நான் ஒன்பது வருஷமா வேலை பாக்கறேன்."

"ஆஃப் பண்ணி ஆன் பண்றதை அவங்க சேத்துக்க மாட்டாங்கக்கா."

அக்கா புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினாள். அது இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. இஸ்திரி போட்ட அங்கிகள் சுருளாமல் இருக்க மேலே வைக்கிறேன்.

"சரி, நீங்களே சொல்லுங்க தம்பி. எதை எழுதறது?"

"அதை நான் சொல்ல முடியாது. நீங்க சொல்லுங்க. இந்த வேலை கிடைச்சிருச்சுன்னு வைங்க. காலைல பத்து மணி. என்ன செஞ்சிட்டிருக்கீங்க?"

"கண்ணாடிக் கதவைச் சாத்திட்டு உக்காந்திருப்பேன்."

"உக்காந்து?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு அவள் குரல் மாறியது. "மூணாம் மாடி வார்டுல அடிக்கிற சாப்பாட்டு லிஸ்ட், சமையலறைக்குப் போறதுக்குப் பதிலா ஏன் முதல் மாடி எக்ஸ்ரே ரூம் பிரிண்டர்ல வந்து விழுதுன்னு கண்டுபிடிப்பேன். மாசத்துல ரெண்டு தடவை நடக்குது. ஒவ்வொரு தடவையும் ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்கன்னு சொல்லிட்டு, போனை வச்சிட்டு, எனக்கே வெக்கமா இருக்கும்."

"அப்போ உங்களுக்கு வேண்டியது செக்யூரிட்டியும் இல்ல, க்ளவுடும் இல்ல" என்றார் அவர்.

அவர் மூன்று பரீட்சைகளின் பாடப்பட்டியலைத் திறந்தார். பரீட்சை நடத்துகிறவர்களே வெளியிடுகிற பட்டியல். என்னென்ன கேட்போம், எந்தப் பகுதி எவ்வளவு என்று அதில் இருக்கும். பலகையிலிருந்து கழற்றிய தாளில் வேலைகள் எட்டு இருந்தன. அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, அக்கா பட்டியலில் தேட, டிக் போடுகிற வேலை எனக்கு வந்தது. சலவை வண்டி வரும்போது செய்வதைத்தான் செய்தேன். கம்ப்யூட்டர் பாகங்கள், பிரிண்டர் பற்றிய ஆரம்பப் பரீட்சைக்கு மூன்று டிக். க்ளவுடுக்கு ஒன்று. நெட்வொர்க் அடிப்படைப் பரீட்சைக்கு ஏழு.

"அந்த முதல் பரீட்சை சுலபமா இருக்கும்போல. அதை எழுதிடவா?" என்றாள் அக்கா.

"எழுதலாம். அது நீங்க இப்ப பாக்கற வேலைக்கான பரீட்சை. மாடிப்படிக்குக் கீழயே இன்னும் நல்லா உக்காரலாம்."

நெட்வொர்க் பரீட்சைக்கு முன் அனுபவம் கட்டாயம் இல்லை. ஹெல்ப் டெஸ்க் மாதிரி வேலையில் ஒன்பது மாதமாவது இருந்திருந்தால் நல்லது என்று மட்டும் போட்டிருந்தது. "ஒன்பது மாசம்" என்று அக்கா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். வாழ்க்கையில் முதன்முறையாக எதற்கோ தேவைக்கு அதிகமாகவே தகுதி இருந்தது அவளுக்கு.

தேதி குறித்தாள். அதற்குப் பிறகுதான் நாங்கள் இருவரும் சேர்ந்து அந்தத் தவறைச் செய்தோம்.

பாடப்பட்டியலை வைத்துக்கொண்டு படிக்க அக்காவுக்குப் பொறுமை இல்லை. மாதிரிக் கேள்விகள் மட்டும் உள்ள ஒரு புத்தகத்தை வாங்கினாள். பக்கத்துக்கு ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை, பக்கத்தின் அடியில் சரியான விடைகள். "நீ கேளுடி, நான் சொல்றேன்" என்றாள். மத்தியானம் அரை மணி, துணி அறையில். எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். துணிகளின் மேல் தைத்த சீட்டுகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. ஆனாலும் வாசித்தேன். அக்கா எனக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்து, பதில் சொன்னாள்.

முதல் வாரம் அறுபது சதவீதம். அடுத்த வாரம் எழுபத்தெட்டு. மூன்றாவது வாரம் தொண்ணூற்று நான்கு. நடுவில் ஒருமுறை, கேள்வியை நான் முடிக்கும் முன்பே விடைகளுக்குப் போகச் சொன்னாள். "கேள்வி வேணாம்டி, விடையைப் படி, போதும்." நானும் அவள் மூளையை நினைத்து வியந்தேன்.

அக்கா விஷயத்தை மருத்துவமனை முழுக்கச் சொன்னாள். போன் எடுத்தாலே, "ரீஸ்டார்ட் அக்கா பேசறேன், தொண்ணூத்தி நாலு சதவீதம்" என்கிற அளவுக்குப் போயிற்று. மாமா பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லி, கண்டக்டர் பயணிகளிடம் சொன்னார்.

பரீட்சைக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, பரீட்சை நடத்துகிறவர்களே விற்கிற மாதிரித் தேர்வை ஒருமுறை எழுதிப் பார்க்கச் சொன்னார் தம்பி. கம்ப்யூட்டரில், நேரம் வைத்து, தனியாக. அக்கா மருத்துவமனையின் பயிற்சி அறைக்குள் ராணி மாதிரி போனாள். ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது கையில் ஒரு தாள். ஐம்பத்து மூன்று சதவீதம்.

"அந்தக் கம்ப்யூட்டர் சரியில்ல" என்றாள்.

தம்பி முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "ஒருதடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாருங்க."

அன்று அக்கா போனை எடுக்கவே இல்லை. இரண்டு போனும் அடித்து அடித்து ஓய்ந்தன. நான் துணி அறையில் உட்கார்ந்து புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். என்ன தப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் என்னோடு இருக்கும்போது தொண்ணூற்று நான்கு, நான் இல்லாதபோது ஐம்பத்து மூன்று. இரண்டு பட்டியலும் ஒத்துப்போகாவிட்டால் எந்த மூட்டை விட்டுப்போனது என்று பார்ப்பதுதான் என் தொழில். இங்கே விட்டுப்போன மூட்டை நான்தான்.

கதவைச் சாத்திவிட்டு, ஒரு கேள்வியை எனக்கு நானே உரக்க வாசித்தேன். வழக்கப்படி முதலில் கண் பக்கத்தின் அடிக்குப் போயிற்று. அங்கே சரியான விடை எது என்று பார்த்துக்கொண்டேன். பிறகு மூன்று விடைகளைக் கடகடவென்று உருட்டினேன். சரியான விடை வந்ததும் எழுத்தெழுத்தாக, நிறுத்தி, கவனமாகப் படித்தேன். பாதியில் என் குரல் எனக்கே கேட்டது.

நான் எப்போதும் அப்படித்தான் படித்திருந்தேன். சரியான விடையைத் தப்பாகச் சொல்லி அக்காவைக் கெடுத்துவிடக்கூடாதே என்ற பயம். தப்பான விடையைத் தப்பாகச் சொன்னால் என்ன வந்தது? அக்கா நெட்வொர்க் படிக்கவில்லை. மூன்று வாரமாக என்னைப் படித்திருக்கிறாள். அதில் தொண்ணூற்று நான்கு வாங்கிவிட்டாள்.

சொல்ல வேண்டும். நானோ கடைக்காரர் சில்லறை குறைத்துக் கொடுத்தால்கூட வாய் திறக்காதவள். சாயங்காலம் வீட்டில் அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் புத்தகத்தைக் கொண்டுபோய் எதிரில் உட்கார்ந்தேன்.

"அக்கா, ஒரே ஒரு கேள்வி."

"எதுக்குடி? செத்த பாம்பை அடிக்காத."

நான் வாசித்தேன். ஆனால் இந்தமுறை வேண்டுமென்றே ஒரு தப்பான விடையை எழுத்தெழுத்தாக, பயபக்தியோடு படித்தேன்.

"அதான். அதேதான். மூணாவது" என்றாள் அக்கா, கத்தியை நிறுத்தாமல்.

"இல்லக்கா. ஒண்ணாவது."

அடுத்த கேள்வி. நான்காவது விடையை மெதுவாகப் படித்தேன். "நாலாவது" என்றாள். அதுவும் தப்பு. மூன்றாவது கேள்வியின்போது கத்தி நின்றது. அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். வெங்காயக் கண்ணீரா வேறா என்று தெரியவில்லை.

"நீ மெதுவாப் படிச்சா அதான் விடை" என்றாள்.

"ஆமாக்கா."

"இத்தனை நாளா?"

"ஆமாக்கா. நான் வேணும்னு பண்ணல."

கத்துவாள் என்று நினைத்தேன். மாமாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றார். ஆனால் அக்கா வெங்காயத்தை ஒதுக்கிவிட்டு மெல்ல, "அடிப்பாவி, பரீட்சை ரூமுக்கு உன்னைக் கூட்டிட்டுப் போக விடுவாங்களான்னு தம்பிகிட்ட கேளு" என்றாள். பிறகு இருவரும் சிரித்தோம். மாமா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, புரியாமல், அவரும் சிரித்தார்.

பரீட்சைக்கு இருபத்து நான்கு மணி நேரம் முன்புவரை தேதியை மாற்றலாம் என்று அவர்கள் விதி. அக்கா ஒரு வாரம் தள்ளிப் போட்டாள். அதற்கு மேல் தள்ளினால் முப்பதாம் தேதி தாண்டிவிடும். ஆக, பதினெட்டு நாள்.

இந்தமுறை ஒழுங்காகத் தொடங்கினோம். ஐம்பத்து மூன்று வாங்கிய தாளை எடுத்தாள். அதில் எந்தப் பகுதியில் எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருந்தது. அதையும் பாடப்பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கோளாறு கண்டுபிடிக்கிற பகுதிதான் இருப்பதில் பெரியது, கிட்டத்தட்ட கால்வாசி. அதில் அக்கா ஓரளவு வாங்கியிருந்தாள். முகவரிகள், அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் தரும் எண்கள், அந்தப் பகுதியில் படுத்துவிட்டாள். எனவே அங்கிருந்து ஆரம்பித்தாள்.

தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பாடப்பட்டியலில் அதன் வரியைத் தேடுவாள். பிறகு மூல ஆவணத்துக்குப் போவாள்: எங்கள் சுவர்ப்பெட்டியில் இருக்கும் சுவிட்சைச் செய்தவர்களின் கையேடு, சர்வரைச் செய்தவர்களின் கையேடு. அதை வாசித்துவிட்டு, சரியான விடை ஏன் சரி, மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று தமிழில் எனக்குச் சொல்ல வேண்டும். எனக்குப் புரியவில்லை என்றால் அவளுக்கும் தெரியாது என்று அர்த்தம். இது அவளே வைத்த விதி. என் முட்டாள்தனம் இவ்வளவு உபயோகப்படும் என்று நான் நினைத்ததே இல்லை.

"ஒரு கம்ப்யூட்டரோட முகவரி நூத்தி அறுபத்தொம்பது, இருநூத்தி அம்பத்தி நாலுன்னு ஆரம்பிச்சா என்ன அர்த்தம்?" என்று கேட்டுவிட்டு அவளே சொல்வாள். "முகவரி குடுக்கற சர்வர்கிட்ட கேட்டுக் கேட்டு, பதிலே வராம, சரி போன்னு தனக்குத்தானே ஒண்ணு வச்சுக்கிச்சுன்னு அர்த்தம். நம்பரைப் போட்டா போகுது, பேரைப் போட்டா போகலன்னா? பேரை நம்பரா மாத்தித் தர்ற ஆள் தூங்கறான்னு அர்த்தம். வயரைப் புடுங்கறதுல பிரயோஜனம் இல்ல."

நான் கேள்வி வாசிப்பதையும் விடவில்லை. ஆனால் பக்கத்தின் அடியில் இருந்த விடைகளைத் தலையணை உறை ஒன்றை மடித்து வைத்து மறைத்துக்கொண்டேன். அலமாரிக் கதவைத் திறந்து அதற்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தேன். ஒருமுறை துணி எடுக்க வந்த நர்ஸம்மா, அலமாரிக்குள்ளிருந்து ஆங்கிலம் வருவதைக் கேட்டு வெளியிலேயே நின்றுவிட்டார்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, சர்வர் கையேட்டைப் படித்துக்கொண்டிருந்த அக்கா திடீரென்று எழுந்து நின்றாள். விரிப்பு மூட்டை சரிந்தது.

"நான்தாண்டி அது."

"எது?"

"சாப்பாட்டு லிஸ்ட்."

சொன்னாள். முகவரி கொடுக்கும் சர்வர் எந்தப் பிரிண்டருக்கும் முகவரியை நிரந்தரமாகக் கொடுப்பதில்லை, குத்தகைக்குத்தான் கொடுக்கிறது. எங்கள் மருத்துவமனையில் முகவரிகள் பற்றாக்குறை என்பதால் குத்தகை எட்டு மணி நேரம்தான். பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தால் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அணைந்து கிடந்தால் குத்தகை தீர்ந்து, அந்த முகவரி வேறு பிரிண்டருக்குப் போய்விடலாம். ஆனால் வார்டுக் கம்ப்யூட்டர் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும்.

"பிரிண்டர் மக்கர்னா நான் என்ன சொல்லுவேன்? சாயங்காலம் ஆஃப் பண்ணிடுங்க, காலைல ஆன் பண்ணுங்க, நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்னு. சமையலறைக்கும் சொல்லுவேன், எக்ஸ்ரேக்கும் சொல்லுவேன். காலைல எது முதல்ல எழுந்திரிக்குதோ அது மத்ததோட முகவரியை வாங்கிக்கும். ஒன்பது வருஷமா நானே கெடுத்துட்டு, நானே போனை எடுத்து..."

அவள் மறுபடி உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பகுதியில் அதற்குப் பிறகு அவள் ஒரு கேள்வியும் தவறவிடவில்லை.

கடைசி வாரம், அதுவரை பார்த்திராத வேறொரு மாதிரித் தேர்வைத் தனியாக, நேரம் வைத்து எழுதினாள். எண்பத்தொன்று. யாரிடமும் சொல்லவில்லை. மாமாவிடம்கூட, "போதுமான அளவு" என்று மட்டும் சொன்னாள். மாமா கண்டக்டரிடம் அதையும் சொன்னார்.

பரீட்சை நடந்தது கடைத்தெருவில், ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த மையத்தில். நானும் துணைக்குப் போனேன். அடையாள அட்டை இரண்டு பார்த்தார்கள். கடிகாரம், பை, கைப்பேசி எல்லாம் பெட்டகத்தில் வைக்கச் சொன்னார்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதன் காம்பைக்கூடப் பார்த்தார்கள். நான் வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகும்முன் அக்கா திரும்பி, "நீ சுவத்தைப் பாத்து உக்காருடி, இங்கேர்ந்தே எனக்கு விடை தெரிஞ்சிடும்" என்றாள். வரவேற்பறைப் பெண் என்னைச் சந்தேகமாகப் பார்த்ததால் நிஜமாகவே சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அதில் ஒரு பல்லி இருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் அது இரண்டு அடி நகர்ந்தது.

தேறத் தொள்ளாயிரத்துக்கு எழுநூற்று இருபது வேண்டும். அக்கா எழுநூற்று ஐம்பத்தாறு. வெளியே வந்ததும் தாளை என்னிடம் கொடுத்து, "நீ படி" என்றாள். படித்தேன். எந்த இடத்திலும் நிறுத்தாமல், ஒரே வேகத்தில்.

இருபத்தெட்டாம் தேதி சான்றிதழைக் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து நேர்முகம். அதில் நடந்ததை ஏணி மேலிருந்து தம்பி சொல்லித்தான் தெரியும்; அவரும் உள்ளே ஓரமாக உட்கார்ந்திருந்தாராம். மேலாளர் கையில் கேள்விகள் எழுதிய தாள் இருந்திருக்கிறது, விடைகளோடு. முதல் கேள்வியை அவர் வாசிக்கத் தொடங்கியதும் அக்கா கையைத் தூக்கியிருக்கிறாள்.

"சார், நீங்க படிக்கும்போது நான் ஜன்னலைப் பாத்துக்கலாமா?"

"ஏன்மா?"

"உங்க முகத்தைப் பாத்தா எனக்கு விடை தெரிஞ்சிடும் சார். அது வேணாம்."

மேலாளர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாராம். அவர் கூரையைப் பார்த்தாராம். அக்கா முழு நேர்முகத்தையும் ஜன்னலைப் பார்த்தபடியே முடித்திருக்கிறாள். கடைசியில், நீங்களாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோதுதான் திரும்பி, எக்ஸ்ரே அறைக்கு வரும் சாப்பாட்டுப் பட்டியல் பற்றிச் சொன்னாளாம், யார் காரணம் என்பது உட்பட. "இருபது பேரைப் பாத்திருக்கேன், தன் தப்பைத் தானே கண்டுபிடிச்சு எடுத்துட்டு வந்த ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்று மேலாளர் சொன்னதாகத் தம்பி சொன்னார். தம்பி கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர்தான். ஆனால் வேலை கிடைத்தது.

முதல் நாள் பத்து மணிக்கு அக்கா கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். தம்பி பக்கத்தில் இருக்க, மருத்துவமனையில் இருந்த ஒவ்வொரு பிரிண்டருக்கும் அதற்கென்றே ஒரு முகவரியை சர்வரில் ஒதுக்கி வைத்தாள். இனி எத்தனை நாள் அணைந்து கிடந்தாலும் அது எழுந்ததும் அதே முகவரிதான் கிடைக்கும். பிறகு வார்டுக் கம்ப்யூட்டர்களில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். மத்தியானப் பட்டியல் சமையலறையிலேயே வந்து விழுந்தது. அதைப் பார்க்க என்னையும் கூப்பிட்டாள். ஒரு காகிதம், அவ்வளவுதான். ஆனால் நாங்கள் மூவரும் அது முழுதாக வெளியே வரும்வரை நின்று பார்த்தோம்.

அறைக்குத் திரும்பினால் அங்கே போன் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா அதிர்ந்துபோனாள். அந்த அறையில் போன் உண்டு; அன்று சாவி கொடுக்கப் போய் அவள் நின்ற நான்கு நிமிடத்தில் அது அடிக்கவில்லை, அவ்வளவே. எடுத்தாள். எக்ஸ்ரே அறைக்காரர்.

"மேடம், மூணாம் மாடி லிஸ்ட் இனிமே எங்களுக்கு வராதாமே?"

"அது உங்களுக்கு வரக்கூடாதுங்க. சரி பண்ணியாச்சு."

"அதெப்படி மேடம்? மாசத்துல ரெண்டு நாளாவது சமையலறைல என்ன போடறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சு, நல்லதா இருந்தா அங்க போய்ச் சாப்பிட்டுட்டு, வீட்லேர்ந்து எடுத்துட்டு வந்த சாப்பாட்டைத் தொடாம வச்சிருப்போம். இப்ப நாங்க என்ன பண்றது?"

ஒன்பது வருடப் பழக்கம் அக்காவின் வாயைத் திறந்தது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். 'ஒருதடவை' என்று ஆரம்பித்துவிட்டாள்.

பிறகு என்னைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள், போனை ரொம்ப மரியாதையாகக் கீழே வைத்தாள்.